கிளாசில் தண்ணீர் ஊற்றும் காட்சி: பிளெண்டர் கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, டொமைன் 25 செ.மீ. உயரம், கிளாஸ் சுவரு 3 மி.மீ. Resolution Divisions 128 வச்சும் தண்ணி சுவரு வழியா ஒழுகுது.

முதலில் டொமைன், கிளாஸ் இரண்டுக்கும் Ctrl+A அழுத்தி Scale கொடுங்கள். அதைச் செய்யாமல் எந்த அளவையும் நம்ப முடியாது.

128 என்பது டொமைனின் நீளமான பக்கத்தைப் பிரிக்கும் எண். 25 செ.மீ.யை 128 ஆல் வகுத்தால் ஒரு கட்டம் சுமார் 2 மி.மீ. வருகிறது. 3 மி.மீ. சுவருக்கு ஒன்றரைக் கட்டம்தான் கிடைக்கும். வளைவில் அதுவும் சரியாக உட்காராது, அங்கேதான் ஒழுகும். சுவருக்கு மூன்று, நான்கு கட்டமாவது வேண்டும்.

அதற்காகக் கண்ணுக்குத் தெரியும் கிளாசைத் தடிமனாக்க வேண்டாம். அதை Shift+D கொடுத்து நகல் எடுங்கள். நகலில் உள்சுவரையும் உள் அடியையும் மட்டும் வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தை அழித்துவிடுங்கள். Solidify போட்டு வெளிப்புறமாக 8 மி.மீ. தடிமன் கொடுத்து Apply செய்யுங்கள். இப்போது சுவருக்கு நான்கு கட்டம் இருக்கிறது. இந்த நகல் மட்டும்தான் Effector. ரெண்டரில் அதை மறைத்துவிட்டு, பழைய கிளாசிலிருந்து Fluid-ஐ எடுத்துவிடுங்கள். நகல் மூடிய மெஷ் என்பதால் Is Planar வேண்டாம்.

வள்ளியூர்: எதுக்கு இவ்வளவு சுத்துவழி? 256 போட்டா எல்லாம் சரியாயிரும்லா?

ஒழுகுவது நிற்கும், அது சரிதான். ஆனால் கட்டம் பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சின்னச் சின்ன நேரப்படிகளும் கூடுதலாக வேண்டியிருக்கும். சுவருக்காக அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

நீர்த்தாரைக்காக என்றால் யோசிக்கலாம். 1 செ.மீ. விட்டமுள்ள தாரை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கிளம்பி 15 செ.மீ. விழுந்தால், கீழே போகும்போது வேகம் சுமார் 1.8 மீட்டர் ஆகிவிடும். வேகம் கூடக்கூடத் தாரை மெலியும். அடியில் விட்டம் 5 மி.மீ.தான். 2 மி.மீ. கட்டத்தில் அது இரண்டரைக் கட்டம். மேலே கம்பியாக இருக்கும் தண்ணீர் கீழே மணிமணியாகச் சிதறுவது இதனால்தான். துகள்களைக் கூட்டினாலும் இது தீராது. இன்ஃப்ளோவைக் கிளாசுக்குப் பக்கத்தில் இறக்கி, டொமைன் உயரத்தை 18 செ.மீ. ஆக்குங்கள். அதே 128-இல் கட்டம் 1.4 மி.மீ. ஆகும், தாரையும் அவ்வளவு மெலியாது. போதாவிட்டால் 256 போடுங்கள்.

தென்காசி: எப்பவும் எல்லாத்தையும் பத்து மடங்கு பெருசாக்கிட்டுச் செய்யணும். சின்ன அளவுல சால்வர் சரியா ஓடாது.

அம்பாசமுத்திரம்: அப்பிடிச் செஞ்சா தண்ணி மெதுவா விழுதே அண்ணாச்சி!

மெதுவாகத்தான் விழும். நீளம் பத்து மடங்கானால் விழும் நேரம் 3.16 மடங்கு ஆகிவிடும். சரிசெய்ய இரண்டு வழி: புவியீர்ப்பை -98.1 ஆக்கி, இன்ஃப்ளோ வேகத்தையும் பத்து மடங்காக்கலாம். அல்லது புவியீர்ப்பைத் தொடாமல் Time Scale 3.16 கொடுத்து, வேகத்தை 3.16 மடங்காக்கலாம். இரண்டையும் கலந்தால் கெட்டுவிடும்.

தென்காசி: நான் சொல்றது வேகத்தை இல்ல, மோதலை. சின்ன கிளாஸ்ல தண்ணி நடுங்குது.

நடுக்கத்துக்குக் காரணம் அளவு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டத்துக்கும் சுவருக்கும் உள்ள விகிதம் மாறாமல் வெறுமனே பெரிதாக்கினால் சால்வருக்கு என்ன மாறும்? Scale கொடுக்காத கிளாசாக இருக்கலாம். ஒரே காட்சியை இரண்டு அளவிலும், வேகத்தைச் சரிசெய்து, பேக் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால் பேசுவோம்.

தென்காசி: வைக்கேன். ஆனா நான் மாத்திக்க மாட்டேன்.

குற்றாலம்: ஐந்தருவியை இதே மாதிரி செய்ய முடியுமா?

அது நுரை, சாரல் பற்றிய வேறு வேலை. தனியாகக் கேளுங்கள்.

பணகுடி: பதநீர் விளம்பரம் செய்றேன். கிளாசுக்கும் பதநீருக்கும் நடுவுல வெள்ளி மாதிரி கோடு தெரியுது. நிறம் தப்பா?

நிறத்தில் ஒன்றும் இல்லை. திரவத்தின் மெஷ் சுவரைத் தொடாமல் சற்று உள்ளே நின்றுவிடுகிறது. நடுவே இருக்கும் காற்றில் ஒளி திரும்புவதுதான் அந்தக் கோடு. Effector நகலின் உள்சுவரை ஏறக்குறைய ஒரு கட்டம் வெளியே தள்ளுங்கள். பதநீர் கிளாசுக்குள் அரை மில்லிமீட்டர் புதைந்தால் போதும். மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு தள்ளுவது என்பதைக் குறுக்காக வெட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேற்பரப்பு ஓட்டையாக இருந்தால் Mesh பகுதியின் Particle Radius-ஐ 2-இலிருந்து கொஞ்சம் கூட்டுங்கள். உருண்டை உருண்டையாக வந்தால் குறையுங்கள். கேச் Type-ஐ Modular ஆக்கி, Is Resumable-ஐ முதலிலேயே டிக் செய்திருந்தால் Mesh மட்டும் மறுபடி பேக் செய்தால் போதும். Liquid பகுதியிலும் Particle Radius என்ற பெயரில் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் முழுவதையும் பேக் செய்ய வேண்டிவரும்.

நாங்குநேரி: கிளாஸ் ஒழுகுது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள். Scale கொடுத்தாச்சா?

அம்பாசமுத்திரம்: கிளாஸ் எந்த ஃபிரேம்ல நிறையும்னு முன்னாடியே தெரியுமா?

தெரியும். உள் விட்டம் 6.4 செ.மீ., 9 செ.மீ. உயரம் நிறைக்க 290 மி.லி. வேண்டும். மேலே சொன்ன தாரை விநாடிக்கு 39 மி.லி. ஊற்றும். 7.4 விநாடி, 24 ஃபிரேம் கணக்கில் சுமார் 178. அங்கே Use Flow-க்குக் கீஃபிரேம் வைத்து அணையுங்கள். அப்போது தண்ணீர் 9 செ.மீ.க்கு மேலே நின்றால் Liquid பகுதியின் Particle Radius-ஐக் குறைக்க வேண்டும். கீழே நின்றால் கூட்ட வேண்டும்.

களக்காடு: அண்ணாச்சி, எனக்கும் ஒழுகுது.

கட்டம் எத்தனை மி.மீ., சுவர் எத்தனை மி.மீ. என்று இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அதில்லாமல் பதில் சொல்ல முடியாது.