ஹேஷ்டேக், அலங்கார எழுத்து, திரைவாசிப்பான்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கில ஹேஷ்டேக்கைச் சின்ன எழுத்தில் போட்டாலும் பெரிய எழுத்தில் போட்டாலும் தேடலில் ஒன்றாகத்தானே வருகிறது? பிறகு ஏன் வித்தியாசம் பார்க்க வேண்டும்?

பதில்: தேடலுக்கு ஒன்றுதான், காதுக்கு அப்படியில்லை. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். இடைவெளி இல்லாத எழுத்து வரிசையை அது ஒரே சொல்லாக உச்சரிக்கப் பார்க்கும். எங்கே பிரிப்பது என்பதற்கு அதற்கு இருக்கும் நல்ல தடயம், சின்ன எழுத்தை அடுத்து வரும் பெரிய எழுத்து. 2013இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது `#nowthatchersdead` பரவியது. அதை `now that Cher's dead` என்று பிரித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டதாகப் பலர் படித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தவர்களுக்கே இந்த நிலை. `#NowThatchersDead` என்றிருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: தட்டச்சு செய்யும்போது தளம் காட்டும் பரிந்துரை பெரும்பாலும் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் நீங்கள் பிரித்து எழுதியது போய்விடும். பரிந்துரையை விட்டுவிட்டுக் கடைசி எழுத்துவரை நீங்களே அடியுங்கள்.

கேள்வி: `#NASAJobs` சரிதானே? ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கும் விதிப்படிதான் எழுதியிருக்கிறேன்.

பதில்: பாதி சரி. சுருக்கப்பெயரின் கடைசிப் பெரிய எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொள்வதால் எல்லை எது என்று தெரியாது. இந்த இடத்தில் `#NASA_Jobs` என்று அடிக்கோடு போடுங்கள்.

கேள்வி: தமிழில் பெரிய எழுத்தே கிடையாதே, நாங்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டு வழி உண்டு. இரண்டே சொல் என்றால் புணர்ச்சியோடு சேர்த்து எழுதுங்கள். `#நூலறிமுகம்` இயல்பான ஒரே சொல், திரைவாசிப்பானின் குரலும் அப்படியே சொல்லும். `#நூல்அறிமுகம்` என்று ஒட்டவைத்தால் சொல் நடுவில் உயிரெழுத்து வந்து நிற்கும். அதைச் சில குரல்கள் தடுமாறியே படிக்கும். மூன்று சொல்லோ அதற்கு மேலோ போனால் அடிக்கோடுதான்: `#சிறுவர்_கதை_நேரம்`. இணைப்புக்கோடு மட்டும் வேண்டாம், பெரும்பாலான தளங்களில் ஹேஷ்டேக் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

கேள்வி: நான் பார்வையற்றவன், தினமும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில்தான் படிக்கிறேன். ஒவ்வொரு அடிக்கோட்டையும் வாய்விட்டுச் சொல்வது எனக்குத் தொல்லை. இதையா பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: உங்கள் தொல்லை நியாயமானது. `NVDA+P` அழுத்தி நிறுத்தக்குறி அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் குறிகள் எல்லாம் காதில் விழ வேண்டிய நிரல் எழுதுகிறவர்களால் அப்படிக் குறைக்க முடியாது. அதனால்தான் இரண்டு சொல்லுக்குப் புணர்ச்சியே நல்லது என்கிறேன். நீளமானவற்றில் அடிக்கோடு கேட்பதா, சொற்கள் குழம்புவதா என்பதில் பயனர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என் கணக்கில் குழப்பம்தான் பெரிய கேடு.

கேள்வி: பெயரை `𝓢𝓪𝓵𝓮` மாதிரி அழகான ஃபான்ட்டில் போடுகிறேன். ஃபான்ட் மாறினால் ஒலி ஏன் மாற வேண்டும்?

பதில்: அது ஃபான்ட் இல்லை. கணிதக் குறியீடுகளுக்காக 2001இல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் சேர்த்த தனி எழுத்துகள். உங்கள் கண்ணுக்கு S, கருவிக்கு ‘கணிதத் தடித்த கையெழுத்து வடிவ S’. சில குரல்கள் இதை எழுத்து எழுத்தாக நீட்டி வாசிக்கும், சில மொத்தமாக விழுங்கிவிடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் கேட்பவருக்கு ஏதோ விடுபட்டது என்பதே தெரியாது. என்விடிஏ 2024.3 முதல் இவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் அமைப்பு உண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது, அந்த மாற்றத்தைப் பைத்தானில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்:

```
import unicodedata
t = "𝓢𝓪𝓵𝓮 Ⓢⓐⓛⓔ 🅢🅐🅛🅔"
print(unicodedata.normalize("NFKC", t))
```

முதல் இரண்டும் `Sale Sale` ஆகும். கறுப்பு வட்டத்தில் உள்ளது மாறாமல் நிற்கும். பெயரின் இருபுறமும் வைக்கும் ꧁ ꧂ கூட ஜாவானிய எழுத்துமுறையின் குறிகள், மாற்றத்துக்கு உட்படாதவை.

கேள்வி: அப்படியானால் என் வலைதளத்தில் இருக்கும் அலங்காரத் தமிழ் எழுத்துருவையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: உள்ளே இருப்பது யூனிகோடு தமிழ் என்றால் வேண்டாம். எழுத்துரு கண்ணுக்கு மட்டும் தெரியும், கருவி எழுத்தின் எண்ணைத்தான் படிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கதை வேறு. அங்கே ‘வணக்கம்’ என்று தெரிவது உண்மையில் `tzf;fk;`, குரல் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் சொல்லும். வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் தப்பித்தீர்கள், இல்லையென்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் முக்கியமான வரியைத் தடித்த எழுத்தில் காட்ட என்ன செய்யலாம்?

பதில்: `*நாளை விடுமுறை*` என்று எழுதுங்கள், உடுக்குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடாமல். எழுத்து எழுத்தாகவே இருக்கும், தோற்றம் மட்டும் தடிக்கும். தடிப்பைக் குரல் தனியாகச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். அதனால் ‘முக்கியம்:’ என்ற சொல்லையும் வரியின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.