மூன்றாவது தவறு என்றால் எதற்கு மூன்றாவது?

கேள்வி: நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவள அலுவலர். தவறுகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது, மிகக் கடுமையானது என்று நான்காகப் பிரித்து, முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறைக்கு என்னென்ன தண்டனை என்று அட்டவணை வைத்திருக்கிறோம். தாமத வருகைக்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் பெற்ற ஒரு தொழிலாளர், சென்ற மாதம், பாதுகாப்புக் கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும் இன்டர்லாக் சுவிட்சை டேப் ஒட்டி முடக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். அதே ஷிப்டில் அதையே செய்த இன்னொருவருக்கு அது முதல் தவறு என்பதால் எழுத்துப்பூர்வ எச்சரிக்கையோடு விட்டுவிட்டோம். இவருக்கு இது மூன்றாவது, ஆகவே பணிநீக்கம் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குச் சரியான காரணம் இருக்கிறது. அட்டவணையில் 'மூன்றாம் முறை' என்று தலைப்பிட்டவர்கள், எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். தண்டனை படிப்படியாக ஏறுவதற்கு அடிப்படை, 'இந்தத் தவறைச் சுட்டிக்காட்டினோம், திருத்திக்கொள்ள அவகாசம் தந்தோம், அதன் பிறகும் செய்தார்' என்பதுதான். தாமதமாக வந்ததற்குக் கொடுத்த கடிதம் இன்டர்லாக்கைப் பற்றி அவருக்கு எதையும் சொல்லவில்லை. எனவே அந்த இரண்டு கடிதங்களும் வருகை சார்ந்த தவறுகளின் வரிசையில்தான் எண்ணப்பட வேண்டும். பாதுகாப்பு விதிமீறலின் வரிசையில் இவருக்கும் இது முதல் முறையே.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்பு கொடுத்தது இறுதி எச்சரிக்கையாக இருந்து, 'இனி எந்த வகையான விதிமீறல் நடந்தாலும் பணிநீக்கம் வரை போகலாம்' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தால், வேறு வகைத் தவறையும் அதன்மேல் ஏற்றிப் பார்க்க இடமுண்டு. நீங்கள் குறிப்பிடுபவை சாதாரண எச்சரிக்கைக் கடிதங்கள். அந்த வாசகம் அவற்றில் இல்லையென்றால் இந்த வழி மூடியதாகவே கொள்ளுங்கள். கடிதங்களின் தேதியையும் பாருங்கள். எழுத்துப்பூர்வ எச்சரிக்கை 6 மாதமும் இறுதி எச்சரிக்கை 12 மாதமும் நடப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்வது பல நிறுவனங்களில் வழக்கம். அந்தக் காலத்தைக் கடிதத் தேதியிலிருந்து, மறுபடி தவறு நடந்த தேதி வரை கணக்கிடுங்கள். விசாரணை தள்ளிப்போனதால் கடிதம் உயிர்பெறவும் கூடாது, காலாவதியாகவும் கூடாது.

அடுத்ததாக, இந்தச் செயல் நான்கு நிலைகளில் எதில் விழுகிறது என்ற கேள்வியில்தான் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி செலவாக வேண்டும். 'பாதுகாப்பு விதிமீறல் — பெரியது' என்று ஒரே வரியில் முடித்துவிடும் அட்டவணைகள் இங்கேதான் சறுக்குகின்றன. யாருக்கும் அடிபடவில்லை என்பதால் நிலையைக் குறைப்பதும், அடிபட்டுவிட்டது என்பதால் கூட்டுவதும் அதிர்ஷ்டத்துக்குத் தண்டனை விதிப்பதாகிவிடும். பார்க்க வேண்டியவை, செயலில் இருந்த ஆபத்தும் செய்தவர் அதை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதும் ஆகும். கவனம் பிசகி நடந்ததா, ஆபத்து பெரிதல்ல என்று நம்பி எடுத்த குறுக்குவழியா, ஆபத்து தெரிந்தே அதைப் பொருட்படுத்தாமல் செய்ததா என்ற மூன்றும் ஒரே தண்டனைக்கு உரியவை அல்ல. சுவிட்சில் டேப் ஒட்டுவது கைதவறி நடக்கக்கூடியது அல்ல என்பதால் முதலாவதைத் தள்ளிவிடலாம். மீதி இரண்டில் எது என்பதை விசாரணைதான் சொல்லும்.

அந்த விசாரணையில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: அதே பயிற்சியும் அனுபவமும் உள்ள இன்னொரு தொழிலாளர் அன்று அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? ஒரே ஷிப்டில் இருவர் டேப் ஒட்டியிருப்பது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் அது தனிமனிதரின் துணிச்சலைவிட அங்கே ஊறிப்போன பழக்கத்தையே அதிகம் காட்டுகிறது. பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து அந்த இயந்திரம் எத்தனை முறை அடைத்துக்கொண்டு நின்றது என்று பாருங்கள். மற்ற ஷிப்டுகளின் இயந்திரங்களில் பழைய டேப்பின் பசை இருக்கிறதா, இன்டர்லாக் குறித்த பயிற்சிப் பதிவில் இவர் கையொப்பம் இருக்கிறதா, சூப்பர்வைசர் பார்த்தும் பேசாமல் போனாரா என்று விசாரியுங்கள். அவர் பார்த்திருந்தால், அவருடைய செயலும் இதே அட்டவணையின் கீழ் வர வேண்டும். தொழிலாளருக்கு மட்டும் அட்டவணையைக் காட்டுவது நியாயமாகாது.

இப்போது இவரது விஷயத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். அடைப்பை விரைவாக எடுக்கவே டேப் ஒட்டினார், அருகில் வேறு யாரும் இல்லை, பயிற்சி பெற்றிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தால், இது 'பெரிய' நிலையின் முதல் முறை. எழுத்துப்பூர்வ எச்சரிக்கையிலிருந்து இறுதி எச்சரிக்கை வரை அதற்குப் பொருந்தும். அதே நாளில் அதையே செய்தவருக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை கொடுத்துவிட்டதால், இவருக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். கூட்டுவதானால் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீங்கள் எழுதிக்காட்ட வேண்டும். உதாரணமாக, மற்றவர் உடனே ஒப்புக்கொண்டார், இவரோ டேப்பைக் கிழித்து மறைத்துவிட்டு மறுத்தார் என்றால் அது ஒரு வேறுபாடு. இறுதி எச்சரிக்கைக்கு அது போதும். ஆனால் மறைத்தது என்ற குற்றச்சாட்டு, விளக்கம் கேட்டு அவருக்கு அனுப்பும் குறிப்பாணையிலேயே இருக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வாய்ப்புப் பெறாத ஒன்றைத் தண்டனை ஆணையில் புதிதாக நுழைப்பதுதான் மேல்முறையீட்டில் ஆணைகள் உடைவதற்கு வழக்கமான காரணம். அடைப்பை எடுக்க இன்னொருவர் கை உள்ளே இருந்தபோது இயந்திரத்தை ஓட்டினார் என்று நிரூபணமானால் கதை வேறு. அது 'மிகக் கடுமையான' நிலை. முதல் முறையிலேயே பணிநீக்கம் பற்றிப் பேசலாம். அப்போதும் தாமதக் கடிதங்கள் தேவைப்படாது.

அட்டவணையைத் திருத்தும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே தண்டனையை எழுதாமல், குறைந்தது எது, அதிகபட்சம் எது என்ற வீச்சை எழுதுங்கள். அந்த வீச்சுக்குள் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்ய, 1981-ல் அமெரிக்காவில் ஒன்றிய அரசு ஊழியர்களின் முறையீடுகளை விசாரிக்கும் வாரியம் டக்ளஸ் என்பவரின் வழக்கில் வகுத்த 12 அம்சங்கள் இன்றும் நல்ல துணை. தவறின் தன்மை, ஊழியரின் பொறுப்பு, பணிக்காலம், முந்தைய பதிவு, ஒத்த தவறுக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனை, விதி அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததா, திருந்த வாய்ப்பு உண்டா என்பவை அவற்றில் அடங்கும். முந்தைய பதிவு அதில் ஓர் அம்சம் மட்டுமே என்பதை உங்கள் மேலாளருக்குக் காட்டுங்கள். நல்ல பதிவு இல்லாதவர் சலுகையை இழக்கலாம். அதற்காக ஒரு படி மேலே தள்ளப்படுவது வேறு. வீச்சைத் தாண்டிப் போகும் எவரும் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதையும், விசாரித்தவரே தண்டனையை முடிவு செய்யக்கூடாது என்பதையும் அட்டவணையின் அடியிலேயே சேர்த்துவிடுங்கள்.

திருத்திய அட்டவணை அறிவித்த நாளிலிருந்தே செல்லும். சென்ற மாத நிகழ்வைப் பழைய அட்டவணையின்படிதான் முடிக்க வேண்டும். அதில் 'மூன்றாம் முறை' என்ற சொல் இரு பொருளுக்கு இடம் தருவதால், ஊழியருக்குச் சாதகமான பொருளையே கொள்ளுங்கள். அப்படி எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, மேலாளரின் கையொப்பத்துக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.