பேசத் தயங்கும் பிள்ளையும் பைக்குள் ஒரு சிப்பியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் முதலாம் தரத்தில் படிக்கிறாள். வீட்டில் அம்மம்மாவுடன் ஓயாமல் கதைப்பவள், வகுப்பில் ஒரு பொருளைக் காட்டிப் பேச வேண்டிய நாளில் வாய் திறக்காமல் நின்றுவிட்டு வருகிறாள். ஏன் பேசவில்லை என்று கேட்டால் அழுகிறாள். நான் என்ன செய்யலாம்?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த "ஏன்" என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். அதற்கான விடை அவளுக்கே தெரியாது. "இது பிடிக்குமா?" என்றால் பிள்ளை தலையாட்டி முடித்துவிடும், "இதைப் பற்றிச் சொல்லு" என்றால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் திகைக்கும். ஆகவே, அவள் காட்டப்போவது ஒரு சிப்பி என்றால், "இந்தச் சிப்பி கடற்கரையில் கிடைத்ததா, யாராவது தந்ததா?" என்று, விடைக்குரிய சொற்களையும் சேர்த்தே கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அதற்குள் அம்மம்மா முந்திக்கொண்டு விடை சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாலும் கடினமான பகுதி.

பிறகு அதையே விளையாட்டாக்குங்கள். அவள் சிப்பியைத் துணிப்பைக்குள் ஒளித்து வைக்கட்டும். நீங்கள் தொட்டுப் பார்த்து, வேண்டுமென்றே பிழையாக ஊகியுங்கள். இரகசியம் தன்னிடம் இருக்கும்போது, பெரியவரைத் திருத்துவதற்காகவே பிள்ளை பேசும். எல்லோருடைய பார்வையும் முகத்தில் அல்லாமல் பையில் இருப்பதும் அதற்கு உதவும்.

கொட்டாஞ்சேனையில் நான் கற்பித்த ஒரு சிறுவன் இப்படித்தான் பேசத் தொடங்கினான். என்ன பொருள், எங்கே கிடைத்தது, ஏன் பிடிக்கும் என்ற மூன்றே வசனங்களை முதலில் தாயிடம் சொன்னான். அடுத்து, பாடசாலை விட்டபின் வெறும் வகுப்பறையில் அதே பையுடன் தாயோடு விளையாடினான். அவன் குரல் இயல்பானதும் ஒரு நண்பனைச் சேர்த்தோம், தாய் மெல்லக் கதவருகே நகர்ந்தார், நான் கடைசியாகவே உள்ளே வந்தேன். இடம், ஆள், பொருள் ஆகியவற்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றினோம். நான் வந்ததும் அவன் கிசுகிசுக்கத் தொடங்கினான். எடுத்து வைத்த படி பெரிதாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்பதால், நான் வெளியேறி, நண்பனோடு விளையாடும் படிக்கே அவனை மீண்டும் விட்டேன். அவன் பேசியபோது யாரும் கைதட்டவில்லை, "அந்தச் சிப்பியில் ஓட்டை எப்படி வந்தது?" என்று அவன் சொன்னதைப் பற்றியே கேட்டோம்.

வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். அப்படியானால் முதல் முறை தமிழில் பேச விடுமாறு ஆசிரியையிடம் கேளுங்கள். மொழி தெரிந்திருந்தும், பாடசாலையில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேலாக அங்கே யாருடனுமே பேசாமல் இருக்கிறாள் என்றால், அது வெறும் கூச்சமாக இல்லாமல், தெரிவுசார் பேசாமை என்னும் பதற்ற நிலையாக இருக்கலாம். அப்போது இந்த விளையாட்டுகளோடு நிற்காமல், பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநல வைத்தியரிடம் காட்டுங்கள்.