அரிசி மூட்டை எங்கே போச்சு?

"அக்கா, சொந்த உபயோகத்துக்குச் சரக்கு எடுத்தா எடுப்புகள் பற்று, கொள்முதல் வரவுனு மனப்பாடம் பண்ணிட்டேன். பரீட்சையில கொஞ்சம் மாத்திக் கேட்டா கை நின்னுடுது. மனப்பாடம் பண்ணாம எப்படிப் படிக்கிறது?"

தம்பி, கொஞ்ச நாளைக்குப் பதிவை நேராக நோட்டில் எழுதாதே. ஒரு தாளில் நடுவே கோடு போடு. இடப்பக்கம் கடையில் இருப்பவை: பணம், சரக்கு, வர வேண்டிய பாக்கி. வலப்பக்கம் அது யாருக்குச் சேர வேண்டியது: வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய கடன், மீதியெல்லாம் உரிமையாளரின் முதல். இரண்டு பக்கமும் எப்போதும் சமம். இடப்பக்கம் உள்ளது கூடினால் பற்று, வலப்பக்கம் உள்ளது கூடினால் வரவு, குறைந்தால் அப்படியே தலைகீழ். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்.

இப்போது காட்பாடியில் நம்ம அத்தை கடையை நினைத்துக்கொள். 1,250 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட ஆரணி பொன்னி மூட்டை ஒன்றை, கடையில் 1,400-க்கு விற்பதை, அத்தை வீட்டுச் சமையலுக்கு எடுத்துப் போகிறார். இடப்பக்கம் சரக்கு 1,250 குறைந்தது. பணம் வரவில்லை, யாரும் கடன்படவும் இல்லை, அதனால் வலப்பக்கம் அத்தையின் முதல்தான் குறைய வேண்டும். முதல் குறைந்தால் பற்று, அந்தக் குறைவுக்கு வைத்த பெயர்தான் எடுப்புகள். சரி, சரக்குக் கணக்கு என்று எழுதாமல் ஏன் கொள்முதல்? மூட்டை வாங்கிய அன்று கொள்முதலில் பற்று வைத்தோம். விற்கவே போகாத மூட்டை அந்தத் தொகையில் இருக்கக் கூடாது, அதனால் அதே கணக்கில் வரவு வைத்துக் கழிக்கிறோம்.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், விற்பனையில் 1,400 வரவு, எடுப்புகளில் 1,400 பற்று என்று எழுதிவிடுவார்கள். இருப்பாய்வு அப்போதும் சமமாகவே வரும், அதனால் தப்பு வெளியே தெரியாது. ஆனால் லாபம் 150 ரூபாய் அதிகமாகக் காட்டும். அத்தை தனக்குத் தானே விற்று லாபம் பார்க்க முடியுமா? அதனால் எடுத்த சரக்குக்கு எப்போதும் அடக்க விலைதான்.

அப்புறம் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் பயமில்லை. கோயிலுக்கு நன்கொடையாக மூட்டை போனாலும், விளம்பரத்துக்கு மாதிரியாகக் கொடுத்தாலும், திருடு போனாலும் கொள்முதல் வரவு மாறாது. மூட்டை எங்கே போனதோ அதைக் கேட்டால் பற்று தானாக வந்துவிடும்: நன்கொடை, விளம்பரம், திருட்டு நட்டம். நான்கு மனப்பாடப் பதிவுகள் ஒரே கேள்வியில் அடங்கிவிட்டதா, பார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைக்குப் போகும்போது ஒரு வேலை செய். கல்லாவில் இருந்து 500 ரூபாய் எடுத்து அத்தை பால்காரருக்கு வீட்டுப் பால் பாக்கி கொடுக்கிறார் என்று வை. இதில் கொள்முதல் வருமா, வராதா? கோடு போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.