மினாக்சிடில் போட்டதும் ஏன் முடி கொட்டுகிறது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வழுக்கைக்காகத் தலையில் மினாக்சிடில் 5 சதவீதம் போட ஆரம்பித்து ஐந்தாவது வாரம். முன்பு சீப்பில் நாலு முடி வரும், இப்போது கொத்தாக வருகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். ஜனவரியில் ஆரம்பித்தபோதும் இப்படித்தான் ஆகி பிப்ரவரியில் நிறுத்தினேன், ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தேன். இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? (வயது 27, ஈரோடு)

மருந்து வேலை செய்ய ஆரம்பித்த நேரமாகப் பார்த்து இரண்டு முறையும் நிறுத்தியிருக்கிறீர்கள். இதே தவறோடு ஒவ்வொரு முறையும் கடிதம் வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையில் உள்ள முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. பத்தில் ஒன்று எப்போதும் ஓய்வில் இருக்கும். வழுக்கை விழும் உச்சியிலும் முன்நெற்றியிலும் அந்தப் பங்கு இன்னும் அதிகம். ஓய்வில் இருக்கும் முடி மூன்று மாதம் போல வேரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் தானாக விழும். மினாக்சிடில் அந்த ஓய்வைச் சுருக்கி, வேரை அடுத்த வளர்ச்சிக்குக் கிளப்பிவிடுகிறது. கீழே புது முடி கிளம்பினால் மேலே இருக்கும் பழைய முடி கழன்றுதான் ஆக வேண்டும். மூன்று மாதத்தில் சிறுகச் சிறுக விழ வேண்டியது சில வாரத்தில் மொத்தமாக விழுகிறது. கூடுதலாக எதையும் நீங்கள் இழக்கவில்லை.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஜனவரியில் ஆரம்பித்தீர்கள், ஐந்தாவது வாரம் உச்சக் கொட்டல். அந்த நேரத்தில் புது முடி தோலுக்கு அடியில்தான் இருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதுவும் முதலில் பூனைமுடி போல மெல்லியதாக வரும். கண்ணாடியில் தெரிய நாலு மாதம் வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் நிறுத்தினீர்கள், கிளம்பிய வேர்கள் மருந்தின் துணை இல்லாமல் நின்றன. ஏப்ரலில் ஆரம்பித்தபோது முதலிலிருந்து அதே கதை. ஐந்து மாதத்தில் மருந்து போட்டதே பத்து வாரம்தான். இரண்டு முறை கொட்டலை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வரும் மாதத்தை ஒரு முறைகூட எட்டவில்லை.

இன்று மறுபடி ஆரம்பியுங்கள். காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. விட்ட நாளுக்கு ஈடாக 2 மில்லி போடாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கொட்டினால் கொட்டட்டும். விழும் முடியின் நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்விலிருந்த முடி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தலை காய்ந்திருக்கும்போது உச்சியைப் படம் எடுங்கள். நாலாவது மாதத்துக்கு முன் படங்களை ஒப்பிடவே வேண்டாம். தீர்ப்பு சொல்லலாம் என்றால் அது பன்னிரண்டாவது மாதத்தில்தான். தினமும் கண்ணாடி முன் நின்று முடிவெடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் போதவில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்? மூன்று மாதம் தாண்டியும் குறையாமல் கொட்டினால், வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலை சிவந்து செதில் உதிர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கொட்ட ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்திருந்தாலோ, பட்டினி கிடந்து எடை குறைத்திருந்தாலோ, கொட்டலுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகு மினாக்சிடில் போடலாமா?

கூடாது. காய்ந்த தலைத்தோலில்தான் போட வேண்டும், முடியின் மேல் அல்ல. போட்ட பிறகு நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. எண்ணெய் வைத்தே தீர வேண்டும் என்றால், அலசுவதற்குச் சற்று முன் வையுங்கள்.

பழனியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளருமா? மருந்தைத் தொடரலாமா?

வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதில்லை. அடர்த்தி கூடாது. நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள். கத்திக் கீறல் ஆறும்வரை நாலைந்து நாள் மருந்தை நிறுத்துங்கள். கீறல் வழியே அளவுக்கு மேல் உடம்புக்குள் போகும்.

வழுக்கைக்கு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்மை போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

முழுப் பொய்யும் அல்ல, நீங்கள் பயப்படும் அளவுக்கும் அல்ல. ஆய்வுகளில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்தின் அளவு குறைதல் போன்ற ஏதோ ஒன்று வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வந்தது. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள், அதை மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

எல்லோரும் பேச மறப்பது மனநிலையைப் பற்றி. சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவையும் எச்சரிக்கையில் உள்ளன. முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்தால் மாத்திரையைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடுவில் மனநிலை மாறினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். மார்பில் வீக்கம், கட்டி, வலி இருந்தாலும் காட்ட வேண்டும்.

பலனைப் பொறுத்தவரை, கொட்டுவது குறைய மூன்று முதல் ஆறு மாதம், அடர்த்தியைப் பார்க்க ஒரு வருடம். நிறுத்தினால் கிடைத்தது ஒரு வருடத்துக்குள் போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல் உள்ளவர்கள் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரையைச் சொல்லியே ஆக வேண்டும். எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், நோய் தப்பிவிடும்.

நண்பர் போடும் பாட்டிலையே என் மனைவிக்கும் வாங்கினேன். சரிதானே?

பாட்டிலின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. படித்தீர்களா? மினாக்சிடிலோடு ஃபினாஸ்டிரைடும் கலந்த கரைசல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெட்டியில் வருகின்றன. கர்ப்பிணியின் உடம்பில் ஃபினாஸ்டிரைடு சேர்ந்தால் வயிற்றில் உள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண் அந்தப் பாட்டிலைத் தொடவே கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலும் பாலூட்டினாலும் மினாக்சிடிலும் வேண்டாம். முதலில் பெட்டியைப் படியுங்கள், பிறகு மனைவியைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம் மாத்திரை விலை குறைவு. நாலாக உடைத்துச் சாப்பிடலாமா?

அளவு பெரிதாகப் பிசகாது. ஆனால் உடைத்த தூள் மேலே சொன்ன அதே ஆபத்து. வீட்டில் கர்ப்பிணியோ, கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணோ இருந்தால் உடைக்காதீர்கள்.

மினாக்சிடில் போட்டதிலிருந்து அரிப்பு. சில நாள் நெஞ்சு படபடக்கிறது.

இரண்டும் வேறு வேறு. அரிப்புக்குக் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் பெரும்பாலும் காரணம். அது இல்லாத ஃபோமுக்கு மாறினால் பலருக்குச் சரியாகும். படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம், திடீர் எடைக் கூடுதல் என்றால் மருந்து ரத்தத்தில் சேர்கிறது. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்ததுதான். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், நெஞ்சு வலித்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் பூனை வளர்க்கிறோம். பிரச்சினை உண்டா?

உண்டு. பூனைக்கு மினாக்சிடில் கொடிய விஷம், சில துளி நக்கினாலே உயிர் போகலாம். போட்டதும் கையைக் கழுவுங்கள். தலை நன்றாகக் காயும்வரை படுக்காதீர்கள், தலையணையில் பூனையைப் படுக்க விடாதீர்கள். கைக்குழந்தையையும் மருந்து போட்ட தலையில் சாய்த்துக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து பட்ட குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் ரோமம் வளர்ந்திருக்கிறது.