ஜி.எம்.-க்கு ஆஃபர் லெட்டர் எப்படி எழுதுவது?

கேள்வி: "கோவையில் பம்ப் தயாரிக்கும் குடும்ப நிறுவனம் எங்களுடையது. முதல்முறையாக வெளியிலிருந்து ஒருவரை ஜி.எம். ஆக எடுக்கிறோம். ஆண்டுக்கு 36 லட்சம் என்று வாய்மொழியாகப் பேசி முடித்துவிட்டோம். எங்களிடம் இருப்பது ஒரு பக்க ஆஃபர் லெட்டர்தான். அதிலேயே பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுத்தால் போதுமா? சம்பளம், நோட்டீஸ், புரொபேஷன் இதெல்லாம் எப்படி எழுத வேண்டும்?"

போதாது. உங்கள் மெஷின் ஆபரேட்டருக்கு அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அதில் விட்டுப்போனதையெல்லாம் தொழிலாளர் சட்டம் நிரப்பிவிடும் என்பதுதான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிற்தகராறு சட்டங்கள் சொல்லும் 'தொழிலாளர்' வரையறைக்குள் வரமாட்டார். எனவே அவரை எப்படி விடுவிப்பது, எத்தனை நாள் அவகாசம், ஈடாக எவ்வளவு பணம் என்ற கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட தாள்தான் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டும். அதில் இல்லாத விஷயம் பின்னால் வாக்குவாதமாகத்தான் வரும்.

முதலில் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். '36 லட்சம்' என்று கேட்டவர் வீட்டுக்குப் போய் அதை 12-ஆல் வகுத்திருப்பார். மாதம் 3 லட்சம் என்று மனதில் பதிந்திருக்கும். நீங்கள் சொன்னதோ சி.டி.சி., அதாவது அவருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

36 லட்சத்தில் 6 லட்சம் ஆண்டு இறுதி ஊக்கத்தொகை என்று வைப்போம். மீதி நிலையான பகுதி 30 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 1,25,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 50,000 ரூபாய். நிறுவனம் கட்டும் பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம், அதாவது மாதம் 15,000. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது ஆண்டுக்கு 72,115 ரூபாய். இது 1,25,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வருவது. இவை போக மிஞ்சுவது சிறப்புப்படி, மாதம் சுமார் 53,990. ஆக, மாதச் சம்பளச் சீட்டில் வரும் மொத்தம் 2,28,990 ரூபாய். அதில் அவர் பங்கு பி.எஃப். 15,000 போனால் 2,13,990. வருமான வரியும் தொழில் வரியும் இதற்குப் பிறகுதான் பிடிக்கப்படும்.

3 லட்சம் எதிர்பார்த்தவருக்கு 2 லட்சத்துச் சொச்சம். கணக்கில் யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் முதல் மாதச் சம்பளம் வந்த அன்றே மனக்கசப்பு தொடங்கிவிடும். ஆகவே இந்தப் பிரிப்பைத் தனி இணைப்பாக, மாதத் தொகை, ஆண்டுத் தொகை என்று இரண்டு பத்தியாகப் போட்டு ஆஃபர் லெட்டருடனேயே கொடுங்கள். கீழே ஒரு வரி: 'வரிக்கு முன் மாதாமாதம் வங்கிக்கு வரும் தொகை இவ்வளவு.' அவர் தேடுவது அந்த வரியைத்தான்.

கிராஜுவிட்டியைச் சி.டி.சி.க்குள் காட்டினால், பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்குப் பிறகே அது கைக்கு வரும் என்பதையும் அதே இணைப்பில் எழுதிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் விலகுபவர், 'என் சி.டி.சி.யில் இருந்த பணம் எங்கே?' என்று கேட்பது நியாயமான கேள்விதான். இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 'ஊதியம்' என்பதற்குப் புதிய வரையறை இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்தாலும், அந்த வரையறையிலிருந்து விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் அந்த அதிகப்படி ஊதியத்தோடு சேர்க்கப்படும். இதனால் கிராஜுவிட்டிப் பொறுப்பு நான் மேலே போட்ட தொகையைவிடக் கூடலாம். எனவே, 'இது மதிப்பீடு. சட்டப்படி வரும் தொகையே வழங்கப்படும்' என்று எழுதி, அந்தக் கூடுதல் 36 லட்சத்துக்குள்ளேயே அடங்குமா, நிறுவனம் தனியாக ஏற்குமா என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 6 லட்சம் ஊக்கத்தொகைதான் அதிகத் தகராறு வரும் இடம். 'செயல்திறனைப் பொறுத்து' என்று மட்டும் எழுதினால், நீங்கள் நினைத்தால் தரலாம் என்று அவர் புரிந்துகொள்வார். உழைத்தால் நிச்சயம் என்றும் புரிந்துகொள்வார், மனநிலையைப் பொறுத்து. எந்த அளவுகோல்கள், யார் மதிப்பிடுவது, எந்தத் தேதிக்குள் பணம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு வாசகம்:

'நிதியாண்டு (ஏப்ரல்–மார்ச்) முடிவில், குறித்த தேதியில் அனுப்பிய ஆர்டர்களின் விகிதம், தயாரிப்பில் கழிவான அளவு, செயல்பாட்டு லாபம் ஆகிய மூன்றின் அடிப்படையில் நிர்வாக இயக்குநர் மதிப்பிடுவார். பணியில் சேர்ந்த 45 நாளில் இலக்குகள் எழுத்தில் தரப்படும். தொகை ஜூன் 30-க்குள் வழங்கப்படும். ஆண்டின் நடுவில் சேர்ந்தால் பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப. மார்ச் 31 அன்று பணியில் இருப்பவர், நோட்டீஸில் இருந்தாலும், இதற்கு உரியவர்.'

கடைசி வாக்கியத்தை நீங்கள் மாற்றி எழுதலாம். நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது என்றும் முடிவு செய்யலாம். என் கருத்தில், ஆண்டு முழுக்க உழைத்துவிட்டு மார்ச்சில் ராஜினாமா கொடுப்பவருக்கு மறுப்பது சரியல்ல. எப்படி முடிவு செய்தாலும் எழுதாமல் விடாதீர்கள்.

அடுத்து நோட்டீஸ். இந்தப் பதவிக்கு 90 நாள் என்பது நம் ஊரில் வழக்கம்தான். பெரும்பாலான கடிதங்களில் 'மூன்று மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்' என்று இருக்கும். இந்தச் சின்ன வாக்கியத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, சம்பளம் என்றால் எது? அடிப்படை மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு 3,75,000. சம்பளச் சீட்டின் மொத்தம் என்றால் 6,86,970. மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டாவது, 'அல்லது' யாருடைய விருப்பம்? இப்படியே விட்டால், நாளையே பணத்தைக் கட்டிவிட்டு நாளை மறுநாள் போகிறேன் என்று அவர் சொல்ல முடியும். தீபாவளிக்கு முன் ஏற்றுமதி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் உங்கள் நிலைமை என்ன?

அதனால் இப்படி எழுதுங்கள்: 'உறுதிப்படுத்தப்பட்ட பிறகு இரு தரப்புக்கும் 90 நாள் எழுத்துமூல நோட்டீஸ். நிறுவனம் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே ஊழியர் மீதி நாட்களுக்கு ஈடாகப் பணம் செலுத்தலாம். நிறுவனம் முன்கூட்டியே விடுவித்தால் மீதி நாட்களுக்கான தொகையை வழங்கும். இரண்டுக்கும் கணக்கு, மாத மொத்தச் சம்பளம். மிச்சமுள்ள விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழிக்க நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.' காலமும் கணக்கும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். அவருக்கு 90 நாள், உங்களுக்கு 30 நாள் என்று எழுதும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்; அனுபவமுள்ளவர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நோட்டீஸ் எவ்வளவு நீளமாக இருந்தாலும், போக முடிவெடுத்தவரை வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. உங்களுக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. எனவே 180 நாள் என்று ஏற்றுவதில் பயன் குறைவு. அவர் விலகும்போது கணக்கு முடிப்பதையும் இழுத்தடிக்க முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும், மேலாளர்களுக்கும் சேர்த்துத்தான்.

புரொபேஷன் ஆறு மாதம் வைக்கலாம். தேவைப்பட்டால் ஒருமுறை மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்று எழுதலாம். பல நிறுவனங்களில் ஆறு மாதம் முடிந்த பிறகு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எட்டாம் மாதத்தில் பிரச்சினை வந்ததும், நோட்டீஸ் 30 நாளா 90 நாளா என்று சண்டை. இதைத் தவிர்க்க மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். 'எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை புரொபேஷன் தொடரும்' என்பது நிறுவனத்துக்குச் சாதகம். 'ஆறு மாதம் முடிந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் நீட்டிக்காவிட்டால் உறுதிப்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்பது அவருக்குச் சாதகம். மூத்த பதவிக்கு நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அது உங்களையும் நேரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க வைக்கும். புரொபேஷனில் நோட்டீஸ் 30 நாள். நிலையான வேலையை விட்டு வருபவர் என்பதால், அவர் தவறில்லாமல் நீங்கள் விலக்கினால் கூடுதலாக இரண்டு மாதச் சம்பளம் என்று அவர் கேட்கக்கூடும். கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

நிபந்தனைகளில் முக்கியமானது வரிசை. அவர் உங்கள் கடிதத்தை நம்பி ராஜினாமா கொடுத்த பிறகு, பழைய சான்றிதழ் சரியில்லை என்று நீங்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றால் அவர் நடுத்தெருவில் நிற்பார். படிப்பு, முந்தைய நிறுவனங்கள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் சரிபார்த்து, 'இவை முடிந்தன' என்று எழுத்தில் சொன்ன பிறகே ராஜினாமா செய்யச் சொல்லுங்கள். இப்போதைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் மட்டும் பிறகு வரட்டும். ஆஃபர் எந்தத் தேதி வரை செல்லும், எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்ற இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அவருடைய நோட்டீஸ் பாக்கியை நீங்கள் கட்டுவதாகவோ சேரும் போனஸ் தருவதாகவோ இருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுவது வழக்கம். எந்தத் தொகையை என்பதைத் தெளிவாக்குங்கள். 5 லட்சம் தந்ததில் வரி போக அவருக்குக் கிடைத்தது குறைவு. முழு 5 லட்சத்தையும் கேட்டால் பெறாத பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறைத்து, வரி போகக் கிடைத்த தொகையை மட்டும் கேட்பது நேர்மையானது.

'விலகிய பின் இரண்டு ஆண்டு வேறு பம்ப் கம்பெனியில் சேரக் கூடாது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-ஆம் பிரிவின் கீழ் அது செல்லாது. விலைப்பட்டியல், வரைபடங்கள், வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றின் ரகசியம் காப்பதைப் பற்றி விரிவாக எழுதுங்கள், அது நிற்கும்.

குடும்ப நிறுவனம் என்பதால் இன்னொன்று. அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், யார் கையெழுத்தில்லாமல் எவ்வளவு ரூபாய் வரை கொள்முதல் செய்யலாம், ஆட்களை எடுக்க, நீக்க அதிகாரம் உண்டா என்பதைக் கடிதத்தில் வையுங்கள். அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி வேறு சொல்ல நடுவில் நிற்கும் ஜி.எம். புரொபேஷனைத் தாண்டுவது கஷ்டம். பேச்சில் ஒப்புக்கொண்ட கார், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் இணைப்பில் வந்துவிட்டதா என்று அவரிடமே கேட்டுவிட்டு, 'இதற்கு முன் பேசியவை அனைத்துக்கும் இந்தக் கடிதமே இறுதி' என்ற வரியைப் போட்டு ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள்.