கொடுக்க முடியாத கடைசித் தொகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு புதிர்க் கணக்கைக் கொண்டுவந்தாள். 5 ரூபாய், 8 ரூபாய் என்று இருவகை நாணயங்கள் மட்டுமே புழங்கும் ஓர் ஊரில், மீதிச் சில்லறை வாங்காமல் கொடுக்கவே முடியாத மிகப் பெரிய தொகை எது என்பது கேள்வி. வரிசையாக எழுதிப் பார்த்து 27 என்று கண்டோம். இரண்டு எண்களையும் பெருக்கி, வந்ததிலிருந்து இரண்டையும் கழித்தால் போதும் என்று விடைப் பக்கத்தில் இருந்தது. 40 வரை சோதித்தோம், சரியாகவே வந்தது. ஆனால் அதற்கு மேல் எங்கோ ஒரு தொகை நழுவாது என்று எப்படி நம்புவது? அந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது? மூன்று வகை நாணயங்கள் இருந்தால் என்ன ஆகும்?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் 40 வரை போயிருக்க வேண்டியதில்லை, 32-லேயே நின்றிருக்கலாம். 28, 29, 30, 31, 32 ஆகிய ஐந்து தொகைகளையும் கொடுக்க முடிகிறது என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொன்றுடனும் ஒரு 5 ரூபாய் நாணயத்தைச் சேர்க்க 33 முதல் 37 வரை வந்துவிடும், இன்னொன்றைச் சேர்க்க 38 முதல் 42 வரை வந்துவிடும், இப்படியே முடிவில்லாமல் போகலாம். ஆகவே சிறிய நாணயத்தின் மதிப்பு எத்தனையோ அத்தனை தொகைகள் இடைவிடாமல் அடுத்தடுத்து அமைந்தால், அதற்குப் பிறகு எதுவும் நழுவாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 23, 24, 25, 26 ஆகிய நான்கும் கொடுக்கக்கூடியவை (23 என்பது மூன்று ஐந்தும் ஓர் எட்டும், 26 என்பது இரண்டு ஐந்தும் இரண்டு எட்டும்). நான்கு தொடர்ந்து வந்துவிட்டதே என்று அங்கே நிறுத்துகிறவர் 22-ஐக் கடைசி என்று எழுதிவிடுவார். மாணவர்கள் இந்த இடத்தில் தவறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சரியாக ஒன்று குறையும்படி நான்கு வருவது தற்செயல் அன்று என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இனிச் சூத்திரத்துக்கு வருவோம். எல்லாத் தொகைகளையும் 5-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் கொண்டு ஐந்து வரிசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்குள் ஒரு தொகையைக் கொடுக்க முடிந்துவிட்டால், அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் ஐந்து ஐந்தாகக் கூட்டிக் கொடுத்துவிடலாம். எனவே ஒவ்வொரு வரிசையும் எந்தத் தொகையில் முதன்முதலாகத் திறக்கிறது என்பது மட்டுமே கேள்வி. திறப்பது 8 ரூபாய் நாணயத்தின் வேலை, ஏனென்றால் ஐந்துகள் மீதியை மாற்றுவதில்லை. எட்டே இல்லாவிட்டால் மீதி 0 வரிசை. ஓர் எட்டு மீதி 3 வரிசையைத் திறக்கிறது. 16 என்பது மீதி 1, 24 என்பது மீதி 4, 32 என்பது மீதி 2. ஐந்து வரிசைகளும் திறந்துவிட்டன. கடைசியாகத் திறந்தது 32. அதே வரிசையில் அதற்கு முந்திய தொகை 27. மற்ற வரிசைகள் எல்லாம் அதற்கு முன்பே திறந்துவிட்டதால், 27-க்குப் பிறகு பூட்டிய கதவு எதுவும் இல்லை.

எண்களை எடுத்துவிட்டு a, b என்று எழுதினால், கடைசி வரிசை (a−1)b என்ற தொகையில் திறக்கிறது. அதிலிருந்து ஓர் a-ஐக் கழித்தால் ab − a − b. உங்கள் விடைப் பக்கத்தில் இருந்த பெருக்கலும் கழித்தலும் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வோர் எட்டும் புதிய வரிசையைத்தான் திறக்கும், ஏற்கெனவே திறந்ததில் போய் விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இங்கேதான் இரண்டு எண்களும் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக, இருக்க வேண்டியிருக்கிறது. 8-இன் இரண்டு மடங்குகள் ஒரே மீதியைத் தந்தால் அவற்றின் வித்தியாசம் 5-ஆல் வகுபடும். 8-க்கும் 5-க்கும் பொதுக் காரணி இல்லாததால் மடங்குகளின் எண்ணிக்கை வித்தியாசமே 5-ஆல் வகுபட வேண்டும். ஆனால் நாம் 0 முதல் 4 வரை எட்டுகளைத்தான் எடுக்கிறோம். மாறாக 6, 10 என்று எடுத்தால் ஒற்றைப்படைத் தொகை எதையும் ஒருபோதும் கொடுக்க முடியாது; அப்போது மிகப் பெரியது என்று ஒன்றே இல்லை, சூத்திரம் 44 என்று சொன்னாலும் அதற்குப் பொருள் இல்லை. நம் பையில் உள்ள 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்களை மட்டும் எடுத்தால் விடை 3. இந்தப் புதிருக்கு அது மிகச் சிறிய ஊர்.

விட்டுவைத்த நான்குக்குத் திரும்புகிறேன். மீதிச் சில்லறை வாங்கலாம் என்று ஒரு கணம் அனுமதித்துவிடுங்கள். அப்போது எந்தத் தொகையையும், எட்டுகள் 0 முதல் 4 வரை என்ற வரம்புக்குள், ஒரே ஒரு விதமாக எழுதலாம். ஐந்துகளின் எண்ணிக்கை குறை எண்ணாக வந்தால் கடைக்காரர் ஐந்துகளைத் திருப்பித் தருகிறார் என்று பொருள். 27 என்பது நான்கு எட்டுகளைக் கொடுத்து ஓர் ஐந்தைத் திரும்ப வாங்குவது, ஆகவே 27 = 4×8 − 1×5. ஒரு தொகையில் y எட்டுகளும் x ஐந்துகளும் இருந்தால், 27-இலிருந்து அதைக் கழித்து வருவதில் 4 − y எட்டுகளும் −1 − x ஐந்துகளும் இருக்கும். x குறை எண்ணாக இல்லாதபோது −1 − x கட்டாயம் குறை எண். x குறை எண்ணாக இருந்தால் மற்றது குறை எண் ஆகாது. எனவே கூட்டினால் 27 வரும் எந்த இரண்டு முழு எண்களிலும் சரியாக ஒன்றையே கொடுக்க முடியும்: 22 முடியாது, 5 முடியும், 14 முடியாது, 13 முடியும். 0 முதல் 27 வரையுள்ள 28 தொகைகளில் சரிபாதி, அதாவது 14, கொடுக்க முடியாதவை. பொதுவாக இந்த எண்ணிக்கை (a−1)(b−1)/2. 1, 2, 3, 4 ஆகியவற்றைக் கொடுக்க முடியாது என்பது வெளிப்படை. அவற்றின் இணைகளே 26, 25, 24, 23. அந்தக் கண்ணி சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

மிகப் பெரிய தொகைக்கான சூத்திரத்தைப் பலர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டரின் 1884-ஆம் ஆண்டுக் கேள்வி என்று எழுதுவார்கள். லண்டனில் வெளிவந்த கல்வி இதழ் ஒன்றில் அவர் அப்போது கேட்டது உண்மையில் இந்த எண்ணிக்கையைத்தான். கேள்வியின் பொது வடிவத்துக்குத் தன் விரிவுரைகளில் அதை எழுப்பிவந்த ஜெர்மானியக் கணிதர் ஃப்ரோபீனியஸின் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று வகை நாணயங்களுக்கும் வரிசை முறை அப்படியே செல்லும். 6, 9, 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆல் வகுத்த மீதி 0 வரிசை 0-இல் திறக்கிறது, மீதி 3 வரிசை 9-இல், மீதி 2 வரிசை 20-இல், மீதி 5 வரிசை 29-இல், மீதி 4 வரிசை 40-இல், மீதி 1 வரிசை 49-இல். கடைசி 49, ஆறைக் கழிக்க 43. ஆனால் 29 என்பது 9-உம் 20-உம் கலந்தது; எந்த வரிசையை எந்தக் கலவை முதலில் திறக்கும் என்பது எண்ணுக்கு எண் மாறும், இருவகை நாணயத்தில் இருந்த ஒழுங்கு இங்கே இல்லை. 1990-இல் கர்டிஸ் என்பவர், மூன்று நாணயங்களுக்குப் பல்லுறுப்புக்கோவைச் சூத்திரங்களை எத்தனை எழுதி வைத்தாலும், அவை முடிவுள்ள எண்ணிக்கையில் இருக்கும்வரை, அவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் விடை தரும்படி செய்ய முடியாது என்று நிறுவினார். ஆகவே உங்கள் மகள் மூன்று நாணயக் கணக்கைக் கொண்டுவந்தால், விடைப் பக்கத்தைத் திருப்பாமல், சிறிய நாணயத்தின் மதிப்பு எத்தனையோ அத்தனை வரிசைகளைப் போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.